மீட்டர் பெட்டியில் ஒட்டப்போகும் கடிதம்

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்தால் வலிப்பு நின்றுவிடும் என்று நம் நாட்டில் படித்தவர், படிக்காதவர், பேருந்து நடத்துனர், பேராசிரியர் என்று எல்லாத் தரப்பினரும் நம்பி வருகிறார்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிப்பவள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது. இரும்புக்குத் துருப்பிடிக்கத் தெரியும். காந்தத்தின் பின்னால் போகத் தெரியும். உப்புக்காற்று அடிக்கும் தூத்துக்குடியில் ஒரு கதவின் கீலை இரண்டே மழைக்காலத்தில் தின்று தீர்க்கத் தெரியும். மூளைக்குள் நடக்கும் மின்சாரக் குளறுபடியை உள்ளங்கை வழியாகச் சரிசெய்ய அதற்குத் தெரியாது. வலிப்பு பெரும்பாலும் தானாகவே நிற்கும். நிற்கும் நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். அன்று கையில் ஒரு வாழைப்பழம் இருந்திருந்தால் இன்று நாடே வாழைப்பழத்தைத் திணித்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதற்கு நேர்கீழே எழுதிப் படித்துப் பார்த்தேன். மிக நன்றாக இருந்தது. ஒரு வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம் இப்படித் தொடங்கக் கூடாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. தாளைக் கிழித்தேன். இது மூன்றாவது தாள்.

சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பில் முழங்கை ஒட்டுகிறது, எடுத்தால் தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம். அடுப்பில் பருப்பு. பக்கத்து வீட்டுச் சிறுமி கீபோர்டில் ஒரு கீர்த்தனையின் முதல் வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள், இரண்டாம் வரிக்கு முன்னால் வழுக்கி விழுகிறாள், எழுந்து மறுபடி முதல் வரிக்கு வருகிறாள். நானும் அப்படித்தான். 'மதிப்பிற்குரிய நாச்சிமுத்து ஐயா அவர்களுக்கு, தூத்துக்குடியிலிருந்து அன்னபுஷ்பம் எழுதுவது. தங்கள் மாடி வீட்டில் தங்கியிருக்கும் பெர்சியாளின் தாயார் நான்.' இதுவரை உண்மை. இதற்குப் பிறகு எப்படிப் போவது என்பதுதான் சிக்கல். பெர்சியும் அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் அந்த மாடிக்குச் சாமான் ஏற்றிவிட்டார்கள். ஒப்பந்தம் எழுதியாயிற்று, காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் வாடகைதாரர் விவரமும் ஆதார் நகலும் கொடுத்தாயிற்று. ஆனால் நாச்சிமுத்து ஐயாவுக்கு அவை போதாது. பம்பு செட்டுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் நிதானமாகச் சொன்னார்: "புள்ளைங்களுக்கு ஊடு குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி. பெத்தவங்க ஒவ்வொருத்தரும் அவங்க கைப்பட ஒரு லெட்டர் குடுத்துருங்க. யாரு வரலாம், யாரு வரக்கூடாது, ராத்திரி ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரைக் கூப்படறது. அதை அப்படியே மாடிப்படிக்கு அடியில மீட்டர் பொட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சுருவேனுங்க. ஆத்திர அவசரத்துக்கு நாம பீரோவைத் தொறந்து தேடிட்டு இருக்க முடியாதுல்லீங்களா?" முடியாதுதான். அருமையான ஏற்பாடு. மின்கட்டணம் கணக்கெடுக்க வருகிறவர் படிப்பார், பியூஸ் போட வருகிறவர் படிப்பார், கீழ்வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் லைட் போகும்போதெல்லாம் டார்ச் அடித்துப் படிப்பார். அந்தப் பெட்டிக் கதவில்தான் என் மகளுக்கு வலிப்பு உண்டு என்று நான் கைப்பட எழுதி ஒட்ட வேண்டும்.

எழுதாமலும் விடலாம். அந்தத் தோழிகளில் ஒருத்தியான மேகலாவின் அப்பா எழுதிய கடிதத்தைப் பெர்சி படம் எடுத்து அனுப்பியிருந்தாள், மாதிரிக்கு. 'என் மகள் மேகலாவுக்கு ஆண் நண்பர்கள் கிடையாது. தவறு நடந்தால் தாங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் நான் கட்டுப்படுகிறேன். அவசரத்துக்கு என் எண்' என்று மூன்றே வாக்கியம். ஒரு பெண்ணுக்கு ஆண் நண்பர்கள் கிடையாது என்று அவள் தகப்பன் சான்று கொடுப்பது, கடலில் சுறா கிடையாது என்று கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே சான்று கொடுப்பது மாதிரி. ஆனாலும் அந்த மனிதர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போயிருப்பார். நான்தான் இங்கே உட்கார்ந்து இந்த மூன்றாவது தாளை முறைத்துக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்கு நண்பர்கள் உண்டு. கட்டடக்கலை படிக்கிறாள். அட்டையையும் தெர்மாகோலையும் வெட்டி ஒட்டி ஒரு பேருந்து நிலையத்தையே மேசைமேல் நிறுத்த வேண்டும், குழுவாகத்தான் செய்ய வேண்டும், குழுவைப் பிரிக்கும்போது வாத்தியார் வீட்டுக்காரரைக் கேட்டுப் பிரிப்பதில்லை. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு அந்தக் கூட்டத்தில் யாரும் தூங்குவதில்லை. தூக்கம் கெட்டால்தான் இவளுக்கு வருகிறது. விடுதியில் வந்ததும் அப்படி ஒரு காலையில்தான். சாப்பாட்டுக்கூடத்தில், இட்லித் தட்டோடு விழுந்தாள். நான் அங்கே இல்லை. இல்லாததாலேயே அதை நூறு கோணத்தில் பார்த்திருக்கிறேன். வார்டன் ஓடிவந்து உக்கிராண அறைச் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்; வேறு யாரோ நாக்கைக் கடித்துவிடுவாள் என்று பல்லுக்கு நடுவே கரண்டியைக் கொடுத்து நெம்பினார்கள்; மேல்வரிசையில் ஒரு பல் பாதியாயிற்று. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அந்த வாரமே, நல்லெண்ணத்தோடுதான், "எங்களால பொறுப்பு எடுத்துக்க முடியாதும்மா, வெளியில பாத்துக்குங்க" என்றார்கள். விசை, எதிர்விசை. பாடம் நடத்தும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆக, சொன்னால் வீடு போகலாம், வீடு போனால் படிப்பும் நடுவில் நிற்கலாம். சொல்லாவிட்டால் இன்னொரு கரண்டி.

'பெர்சியாளுக்கு எப்போதாவது மயக்கம் வருவதுண்டு' என்று எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. மயக்கம் யாருக்குத்தான் வரவில்லை? வெயிலில் வரும், விரதத்தில் வரும், தேர்வு முடிவு வரும் நாளில் வரும். மீட்டர் பெட்டியைத் திறக்கிறவன் யாரும் அதற்காக ஒரு பெண்ணை இரண்டாம் முறை பார்க்க மாட்டான். நம் சர்ச் சபையில் யாருக்காவது கோயம்புத்தூரில் சொந்தம் இருந்து, அந்தச் சொந்தம் அந்தப் பெட்டியைத் திறந்து, நாளைக்குப் பெண் பார்க்க வருகிற இடத்தில்... இந்த இடத்தில் நானே என்னை நிறுத்துகிறேன். யார் பெண் பார்க்க வருகிறார்கள்? யாரும் வரவில்லை. இருபது வயதுப் பெண் பேருந்து நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அந்த வராத மாப்பிள்ளை வீட்டார் என் தலைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். குக்கர் விசில் அடிக்கிறது. எத்தனையாவது என்று எண்ணவில்லை. பருப்பு பாயசமாகிவிடும்.

வாசலில் என் கணவரின் செருப்புச் சத்தம். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுப்பவர், காலை ஷிப்ட் முடிந்து வருகிறார், சட்டையெல்லாம் நிலக்கரி வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கிறார். "ஏட்டி புஷ்பம், நீ லெட்டர் எழுதுதியா, கொஸ்டின் பேப்பர் எழுதுதியா? அஞ்சு மார்க், பத்து மார்க்னு பிரிச்சிருக்க?" "பாதுகாப்பு, வருகையாளர், அவசரத் தொடர்பு. மூணு தலைப்பு. அதுல என்ன தப்பு?" "தப்பில்ல. கடைசில 'ஏதேனும் இரண்டுக்கு மட்டும் விடையளி'ன்னு போட்டுரு." சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றியவர், அந்த 'மயக்கம்' வரியைப் படித்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். "இப்படித்தான் எழுதணுமோ?" "வேற எப்படி எழுத? நீங்க சொல்லுங்க." "எனக்கென்ன தெரியும். பிள்ளையக் கேளு. அவளுக்குள்ளதுதான அது?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இந்த மனிதர் வருடத்துக்கு இரண்டு தடவை சரியான ஒரு வாக்கியம் சொல்வார். சொல்லிவிட்டு உடனே குளிக்கப் போய்விடுவார்.

நான் உடனே கூப்பிடவில்லை. முதலில் பாதுகாப்பை முடித்துவிடலாம் என்று பட்டது, அதுதான் எனக்குச் சுலபம். 'மாடி குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளை மாற்றி, அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தைக் கொண்டு திருப்பித் திறக்கக்கூடிய பூட்டுப் போட அனுமதிக்க வேண்டுகிறேன். செலவு எங்களுடையது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரமே இருப்பதால், அந்தக் கதவைப் பூட்டிச் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். துணியைப் பின்கட்டிலேயே காயப்போடுவார்கள்.' இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. வீடு பார்க்கப் போன அன்று பெர்சியே பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தது. மற்ற இரண்டு பெண்களும் சுவர் வண்ணம், ஜன்னல் வெளிச்சம், எந்தக் கட்டில் யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருக்க, இவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திறந்து, எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளே விழுந்தால் உடம்பு கதவை மறிக்குமா என்று பார்த்திருக்கிறாள். கேட்டபோது எனக்கு முதலில் அந்தக் கதவுக்குப் பின்னால் விழுந்து கிடப்பவள்தான் தெரிந்தாள். அப்புறம்தான், ஆஹா, என்று இருந்தது. அந்த ஆஹாவை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் என் சக ஆசிரியைகள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்வார்கள், வெளிநாட்டு விசாவைச் சொல்வார்கள். என் மகள் ஒரு கதவை எப்படிப் பார்த்தாள் தெரியுமா என்று நான் எங்கே போய்ச் சொல்வது? ஒரு கதவை அப்படிப் பார்க்கிறவள்தானே நாளைக்கு வீடு கட்ட வேண்டும்.

கூப்பிட்டேன். எடுத்ததுமே பின்னால் கத்தி அட்டையை அறுக்கும் சத்தம். "ம்மா, லெட்டர் முடிஞ்சுதா? வீட்டுக்காரத் தாத்தா காலைலயே ஒரு தடவ கேட்டுட்டார்." "முடியப் போகுது. பிள்ள, அந்த விஷயத்த எப்படிப் போடட்டும்?" "நீ மயக்கம்னு எழுதியிருப்ப." தாளைக் கவிழ்த்து வைத்தேன். "எழுதியிருக்கேல்ல? எனக்குத் தெரியும்மா. ம்மா, மயக்கம்னா என்ன செய்வாங்க? மூஞ்சில தண்ணி தெளிப்பாங்க. வாயில சோடா ஊத்துவாங்க. எனக்குப் புரை ஏறிப் போயிரும். வலிப்புன்னே எழுது." "பெட்டிக் கதவுல ஒட்டுவாராம்ல, எல்லாரும் பாப்பாங்க." "பாக்கட்டும். அப்பதான ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கும். மேகலாவுக்கும் மத்தவளுக்கும் நான் டிரெயினிங் குடுத்தாச்சு. மேகலாவைத் தரையில விழ வெச்சு அவமேலயே பிராக்டிஸ். நல்லா நடிக்கா." "அவரு வீடு இல்லன்னு சொல்லிட்டார்னா?" அட்டை அறுக்கும் சத்தம் நின்றது. "சொன்னா சாமானக் கட்டணும். கஷ்டம்தான். ஆனா ம்மா, கையில சாவிக்கொத்தோட, வாயில ரத்தத்தோட, சுத்தி இருக்கிற எல்லாரும் என்னையே பாத்துட்டு இருக்க, இன்னொரு தடவ என்னால முழிக்க முடியாது." பிறகு அவளே, "நல்ல கையெழுத்துல எழுதும்மா. நீ கரும்பலகையில எழுதுவல்ல, அந்த மாதிரி" என்றாள்.

நான்காவது தாள். 'என் மகளுக்கு வலிப்பு நோய் உண்டு. மருத்துவர் தந்த மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் சாப்பிடுகிறாள். மாத்திரையாலும் தூக்கத்தாலும் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது. வந்தால் தாங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு, செய்யக் கூடாதது அதிகம்.' இந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு ஆசிரியரின் திருப்தி. 'அடிபடும் பொருளை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைக்கவும். கைகாலைப் பிடித்து அழுத்த வேண்டாம். வாயில் எதையும், தண்ணீர் உட்பட, கொடுக்க வேண்டாம். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கடிகாரத்தைப் பார்க்கவும், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, மூச்சுக்குத் திணறினாலோ 108. விழித்ததும் சிறிது நேரம் குழப்பமாக இருப்பாள். கூட்டம் கூடாமல் ஒருவர் மட்டும் அருகில் இருந்தால் போதும்.' பிறகு வருகையாளர். இதை எழுதும்போது பேனா தானாகவே ஓடுகிறது. 'பெர்சியாளின் வகுப்புத் தோழர்கள், ஆண்களும் பெண்களும், படிப்பு வேலையாக வருவார்கள். அவர்கள் பெயரையும் எண்ணையும் அவளே தங்களிடம் தருவாள். ஆண்கள் இரவு எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற தங்கள் விதிக்கு அவள் சம்மதிக்கிறாள். ஆனால் உடன் இருக்கும் இருவரும் ஊருக்குப் போகும் நாட்களில் ஒரு தோழி இரவு தங்க அனுமதி வேண்டும். அது விருந்து அல்ல. அவள் தனியாகத் தூங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் பக்குவம் என் மகளுக்கு உண்டு.' கடைசி வாக்கியம் தேவையில்லைதான். வினாவில் கேட்காததற்கு விடை. மாணவர்கள் எழுதினால் சுழித்துவிடுவேன். இருக்கட்டும்.

அவசரத் தொடர்பு. இதில்தான் பேனா நிற்கிறது. எல்லாரும் முதலில் அப்பா எண்ணைப் போடுவார்கள். எங்கள் வீட்டு அப்பா கிரேனின் கீழே நிற்பார், போன் பையில் அதிர்ந்தால் கிரேன் அதிர்வதாக நினைப்பார். அம்மா? அம்மா வகுப்பில் இருப்பாள், வகுப்பை விட்டு வந்தாலும் கோயம்புத்தூருக்கு ஓர் இரவுப் பயணம். அவசரம் என்பது தூரத்தைப் பொறுத்தது. பாசத்தைப் பொறுத்ததில்லை. மாணவர்களுக்கு என்றால் ஒரு கோடு போட்டு விளக்கிவிடுவேன். எழுதினேன். முதலில் மேகலா, அதே அறை. அடுத்து 108. மூன்றாவது, சிங்காநல்லூரில் இருக்கும் என் தம்பி சாமுவேல், மருத்துவ விவரம் அனைத்தும் அறிந்தவர், வண்டி வைத்திருப்பவர். நான்காவது, அன்னபுஷ்பம், தாய். நான்கு என்ற எண்ணை எழுதிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவ அறையில் இவளை முதலில் கையில் வாங்கியதுகூட நானில்லை, நர்சு. அப்புறம் டாக்டர், அப்புறம் என் மாமியார், அப்புறம்தான் நான். அன்றும் நான்காவது. பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி இரண்டாம் வரிக்குப் போய்விட்டாள். எப்போது போனாள் என்று கவனிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். குளித்து வந்தவர் முழுக்கப் படித்துவிட்டுத் தானும் கீழே கையெழுத்துப் போட்டார். அஞ்சலில் போகட்டும், அதற்கு முன் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம் என்று இரண்டு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன். அனுப்பினேன். படித்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் விழுந்தது. பருப்பைக் கடைந்தேன், உப்புப் போட்டேனா என்று தெரியாமல் மறுபடி போட்டேன். வீடு போனால் அடுத்து எங்கே தேடுவது, சாமுவேல் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும், அங்கிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்து, இரண்டு பேருந்து என்றால் விடியுமுன் எழ வேண்டும், விடியுமுன் எழுந்தால் தூக்கம் குறையும், தூக்கம் குறைந்தால்... எண்ணம் சுற்றி வந்து அதே இடத்தில் இடித்துக்கொள்கிறது. மணி அடித்தது. போனில் நாச்சிமுத்து ஐயாதான். "அம்மணி, லெட்டர் பாத்தேனுங்க." "சொல்லுங்கய்யா." "கையெழுத்து அச்சு மாதிரி இருக்குதுங்க. டீச்சருங்களா? அதானே பாத்தேன். இந்தப் பசங்க வர்ற சங்கதியில ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. வந்தா செருப்பைக் கீழயே உட்டுட்டுப் போகோணும். மேல எத்தனை பேரு இருக்கறாங்கன்னு எனக்கு எண்ணித் தெரியோணுமுல்ல?" "நியாயம்தான்யா. சொல்லிடுறேன்." "அந்தப் பாத்ரூம் பூட்டு, நம்ம ஆசாரியே போட்டுருவான்." "சரிங்கய்யா." "அந்த இன்னொண்ணு," என்றார். "அதை நான் ஒருக்காப் படிச்சேனுங்க. எங்க ஊட்டுக்காரி சரசாவுக்குக் கண்ணாடி போட்டுக் குடுத்திருக்கறேன், அவ போன்ல இன்னும் படிச்சுட்டு இருக்கறா. எதா இருந்தாலும் அவளைக் கேட்டுட்டுத்தானுங்க. வெச்சுடறேன்." வைத்துவிட்டார். கேட்டுவிட்டு என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, வகுப்பில் அரைகுறை விடை சொன்னவனை உட்கார விட மாட்டேன், இங்கே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாப்பிட்டோம். பருப்பு உப்புக் கரித்தது, அவர் மோர் ஊற்றிக்கொண்டார். விளக்கேற்றும் நேரத்துக்குப் பெர்சி கூப்பிட்டு, பேருந்து நிலையத்துக்குக் கூரை நின்றுவிட்டது என்று முதலில் சொன்னாள், நானும் அதையே முதலில் கேட்க இருந்ததாகக் காட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் மேலே வரவில்லையாம், ஒன்றும் பேசவும் இல்லையாம். அவர் மனைவி சரஸ்வதி அம்மா மட்டும் மாடிப்படியில் படிக்கு ஒன்றாக வைத்திருந்த பூந்தொட்டிகளையெல்லாம், முழங்கால் வலியோடு, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, இரண்டு பேர் ஒரு ஸ்டிரெச்சரோடு ஏறும் அளவுக்கு வழிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வரிசையாக வைத்துவிட்டாராம்.